59-க்கும் 47-க்கும் நடுவே: ஆறு மாதிரித் தாள்களின் நிகழ்வு ஆய்வு

தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னிடம் வந்தபோது அவளுடைய தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. முந்தைய நாள் எழுதிய நான்காவது மாதிரித் தேர்வில் 47 வாங்கியிருந்தாள். அதற்குப் பத்து நாள் முன்பு எழுதிய மூன்றாவது தேர்வில் 59. தேர்ச்சிக்குத் தேவை 55. ஆக, பத்து நாளைக்கு முன்பு தேறியிருந்தவள் இப்போது தேறவில்லை.

"படிச்சதெல்லாம் போயிடுச்சுக்கா. முதல்ல இருந்து ஆரம்பிக்கப் போறேன். கணக்குதான் என்னைக் கவுக்குது, இனிமே கணக்கு மட்டும்தான்."

பத்து நாளில் பன்னிரண்டு மதிப்பெண் அளவுக்கு யாருக்கும் மறந்துபோகாது. அதுவும் அந்தப் பத்து நாளும் அவள் தினம் மூன்று மணி நேரம் படித்திருக்கிறாள். அறிவு அப்படியே இருந்து மதிப்பெண் மட்டும் விழுந்திருந்தால் விழுந்தது எது? அதைக் கண்டுபிடிக்காமல் திட்டத்தைக் கிழித்துப்போட வேண்டாம் என்று மட்டும் அன்றைக்குச் சொன்னேன். இரண்டு வினாத்தாள்களையும் விடைத்தாள்களையும் எடுத்துவரச் சொன்னேன்.

தேர்வின் அமைப்பு

நூறு வினாக்கள், இரண்டு மணி நேரம். கணக்கு, அறிவியல், பொருளியல், மொழி என்று நான்கு பகுதிகள், பகுதிக்கு 25 வினா. ஒவ்வொன்றுக்கும் நான்கு விருப்பங்கள். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும், விட்ட வினாவுக்கு எதுவும் இல்லை. மூன்றாவது தாளில் அவளுக்கு 67 சரி, 24 தவறு. 67-இல் 8 போக 59. நான்காவதில் 58 சரி, 33 தவறு. 58-இல் 11 போக 47. இரண்டிலும் விட்டவை ஒன்பது ஒன்பதுதான்.

நல்லவேளையாக அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மூன்றாவது தாளிலிருந்து ஒவ்வொரு வினாவுக்கும் விடை குறிக்கும்போதே பக்கத்தில் ஒரு அடையாளம் இடுவாள். உறுதியாகத் தெரிந்தால் டிக். இரண்டு விருப்பங்களைத் தள்ளிவிட்டு மீதி இரண்டில் தடுமாறினால் வட்டம். ஒன்றும் தெரியாமல் குத்துமதிப்பாகப் போட்டால் கேள்விக்குறி. நேரம் மிஞ்சினால் வட்டமிட்டவற்றுக்குத் திரும்பி வருவதற்காக அப்படிச் செய்துகொண்டிருந்தாள். தேர்வு முடிந்ததும் அந்த அடையாளங்களை அவள் பார்த்ததே இல்லை. இந்த ஆய்வு முழுவதும் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

விழுந்தது எது

இரண்டு தாள்களையும் டிக், வட்டம், கேள்விக்குறி என்று மூன்றாகப் பிரித்து எண்ணினோம்.

மூன்றாவது தாளில் டிக் போட்டவை 48. அவற்றில் 44 சரி, 4 தவறு. நான்காவதில் டிக் 49. 43 சரி, 6 தவறு. 'எனக்குத் தெரியும்' என்று அவள் சொன்ன இடத்தில் இரண்டு தாளுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. கழித்தல் போக அந்தப் பகுதி முதலில் 42.7 தந்தது, பிறகு 41.

கேள்விக்குறிகளில்தான் விஷயம் இருந்தது. மூன்றாவது தாளில் 19 வினாவுக்குக் குத்துமதிப்பாக விடை போட்டு 9 சரியாகியிருந்தன. நான்கில் ஒன்று என்ற கணக்கில் ஏறத்தாழ ஐந்துதான் வர வேண்டும், ஒன்பது என்பது நல்ல அதிர்ஷ்டம். நான்காவதில் 20 போட்டு 4 சரி, 16 தவறு. மூன்றாவது தாளில் இந்தப் பகுதி 5.7 கூட்டியது, அடுத்ததில் 1.3 கழித்தது. பன்னிரண்டு மதிப்பெண் வீழ்ச்சியில் ஏழு இங்கேயே போய்விட்டது. வட்டமிட்டவை 24-இல் 14 சரியாக இருந்தது 22-இல் 11 ஆனதில் இன்னொரு மூன்று சொச்சம். உறுதியாகத் தெரிந்தவற்றில் இழந்தது இரண்டுக்கும் குறைவு.

இதை அவளிடம் இப்படிச் சொன்னேன்: "47-ஐப் பார்த்து நீ பயந்ததும் சரியில்ல, 59-ஐப் பார்த்து நிம்மதியா இருந்ததும் சரியில்ல. ரெண்டு தாள்லயும் உன் கையில இருந்தது நாற்பத்திரண்டுதான்."

அவளுக்கு அது ஆறுதலாக இல்லை, 59 தன்னுடையது என்று நினைத்திருந்தாள். ஆனால் இதைச் சொல்லாமல் அடுத்த வேலைக்குப் போக முடியாது. நூறு வினாத் தாளில், மாறாத அறிவோடு எழுதினாலும், எந்த வினாக்கள் வந்து விழுகின்றன என்பதைப் பொறுத்தே மதிப்பெண் ஐந்து ஆறு இப்படியும் அப்படியும் ஆடும். இரண்டு தாள்களின் வித்தியாசத்தை எடுத்தால் ஆட்டம் இன்னும் கூடும், ஏழெட்டு வரை சாதாரணம். ஆகவே ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் இடையிலான ஏற்ற இறக்கத்தை வைத்துத் திட்டத்தை மாற்றுகிறவர், பாதி நேரம் எதுவுமே நடக்காததற்காக மாற்றிக்கொண்டிருப்பார்.

எதைப் படிப்பது

கணக்கு மட்டுமே படிக்க வேண்டும் என்ற அவளுடைய முடிவு முதல் பார்வைக்கு நியாயமாகத்தான் இருந்தது. இரண்டு தாள்களிலும் சேர்த்து 50 கணக்கு வினாக்களில் அவள் டிக் போட்டது 11. மொழியில் 39, பொருளியலில் 25, அறிவியலில் 22. எந்தப் பகுதியில் ஓட்டை பெரியது என்று கேட்டால் கணக்கு என்றுதான் யாரும் சொல்வார்கள்.

ஆனால் ஆறு வாரத்தில் அடைக்கக்கூடிய ஓட்டை எது என்பது வேறு கேள்வி. அதற்கு உறுதியில்லாத 103 வினாக்களையும் இரண்டு குவியலாகப் பிரித்தோம். கேள்விக்குறியும் விட்டதும் சேர்ந்து 57. இவை அவளுக்குத் தெரியாதவை. வட்டமிட்டவை 46. இவை பாதி தெரிந்தவை. தெரியாத 57-இல் 31 கணக்கு. பாதி தெரிந்த 46-இல் கணக்கு வெறும் 8. அறிவியல் 19, பொருளியல் 14, மொழி 5.

வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது தடுமாற்றம் எப்போதும் ஒரே மாதிரி இருந்தது. அத்தியாயம் தெரியும், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு கருத்துகளில் எது எது என்பது கலங்கிவிடும். நிறையும் எடையும், வேகமும் திசைவேகமும், தொடர் இணைப்பும் பக்க இணைப்பும். பொருளியலில் 'தேவை' மாறுவதும் 'தேவையின் அளவு' மாறுவதும் அவளுக்கு ஒன்றாகவே தெரிந்தன. ஒரு பொருளின் விலை ஏறினால் அதே தேவைக்கோட்டின் மேல் நகர்கிறோம், வருமானம் கூடினால் கோடே இடம்பெயர்கிறது. இந்த ஒரு வேறுபாட்டில் மட்டும் இரண்டு தாள்களிலும் சேர்த்து நான்கு வினாக்களுக்கு வட்டமிட்டிருந்தாள். இரண்டு சரி, இரண்டு தவறு. நாணயம் சுண்டியிருந்தாலும் அதேதான் வந்திருக்கும்.

இங்கே பெரும்பாலோர் தவறவிடும் ஒன்று உண்டு. தாளைத் திருத்தும்போது தவறான வினாக்களை மட்டும் எடுத்துப் படிப்பார்கள். வட்டமிட்டுச் சரியான வினா 'சரி' என்ற கணக்கில் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். 46 வட்டங்களில் 25 சரி. அந்த 25-உம் அடுத்த தாளில் தவறாகப் போகக் காத்திருப்பவை. ஆகவே 46-ஐயும் ஒரு குறிப்பேட்டில் எழுதவைத்தேன். வினாவை முழுதாக எழுத வேண்டாம். இடதுபக்கம் கலங்கிய இரண்டு கருத்துகள், வலதுபக்கம் அவற்றைப் பிரிக்கும் ஒரே வாக்கியம், அவளுடைய சொற்களில்.

ஒரு வட்டத்தைத் தீர்க்க இருபது நிமிடம் ஆகும் என்று வைத்தால் 46-க்கும் சேர்த்துப் பதினைந்து மணி நேரம், அதாவது அவளுடைய ஒரு வாரப் படிப்பு. கணக்கில் தெரியாத 31 வினாக்களோ ஒன்பது அத்தியாயங்களில் சிதறிக் கிடந்தன. ஒரு அத்தியாயத்தை அடிப்படையிலிருந்து கட்டப் பன்னிரண்டு மணி நேரமாவது வேண்டும், அதற்குப் பலனாகத் தாளுக்கு ஒன்று அல்லது இரண்டு வினா கிடைக்கும். எனினும் கணக்கை முழுதாக விட்டுவிடவில்லை. சதவீதம், விகிதம் இரண்டையும் மட்டும் எடுத்தோம், ஏனென்றால் 31-இல் 11 வினாக்கள் இந்த இரண்டில்தான் முட்டி நின்றன. லாப நட்டம், வட்டி என்று வேறு பெயரில் வந்த வினாக்களும் உள்ளே சதவீதம்தான். மீதி ஏழு அத்தியாயங்களையும் இந்தத் தேர்வுக்குத் தொடுவதில்லை என்று முடிவு செய்தோம். அவள் அதற்குச் சம்மதிக்க இரண்டு நாள் ஆனது.

வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு மூன்று மணி நேரம். முதல் மணி வட்டக் குறிப்பேடு, அடுத்த மணி சதவீதமும் விகிதமும், கடைசி மணி அன்றைய வட்டங்கள் எந்த அத்தியாயத்தில் இருந்து வந்தனவோ அந்த அத்தியாயத்தின் திருப்புதல். மொழிக்குத் தனி நேரம் இல்லை. 50-க்கு 39 உறுதியாக இருக்கும் பகுதி மாதிரித் தாள்களாலேயே பழக்கத்தில் நிற்கும்.

குருட்டு விடைகளுக்கு ஒரு விதி வைத்தோம். நான்கில் ஒன்று சரி, மூன்றில் ஒரு பங்கு கழித்தல் என்ற அமைப்பில் குருட்டு விடையின் சராசரிப் பலன் பூஜ்யம். லாபமும் இல்லை, நட்டமும் இல்லை, மதிப்பெண் மட்டும் ஆடும். இரண்டு விருப்பங்களைத் தள்ள முடிந்தால் சராசரியாக வினாவுக்கு மூன்றில் ஒரு பங்கு லாபம். ஆகவே வட்டங்களுக்குக் கட்டாயம் விடை எழுத வேண்டும், கேள்விக்குறிகளை விட்டுவிட வேண்டும். கழித்தலே இல்லாத தேர்வாக இருந்தால் எதையும் விடக் கூடாது. அங்கேயும் குத்துமதிப்பில் வந்த மதிப்பெண்ணைத் தனியாக எண்ணி வைக்கலாம்.

அடுத்த நான்கு தாள்கள்

| தாள் | மதிப்பெண் | டிக், அதில் சரி | வட்டம், அதில் சரி | கேள்விக்குறி, அதில் சரி | விட்டவை |
|---|---|---|---|---|---|
| 3 | 59 | 48, 44 | 24, 14 | 19, 9 | 9 |
| 4 | 47 | 49, 43 | 22, 11 | 20, 4 | 9 |
| 5 | 53 | 51, 47 | 22, 11 | 12, 3 | 15 |
| 6 | 60 | 56, 53 | 22, 12 | 6, 1 | 16 |
| 7 | 63 | 61, 56 | 19, 11 | 3, 1 | 17 |
| 8 | 62 | 60, 57 | 18, 9 | 0 | 22 |

ஐந்தாவது தாளை இரண்டு வாரம் கழித்துத்தான் எழுதவைத்தேன். இடையில் எழுத அவளுக்கு ஆசைதான். ஆனால் கையில் இருந்த புதுத் தாள்கள் நான்கே. திட்டம் வேலை செய்ய நேரம் கொடுக்காமல் எழுதினால் ஒரு தாள் வீண். 53 வந்ததும் "ரெண்டு வாரத்துக்கு ஆறு மார்க்தானா" என்றாள். டிக்கில் சரியானவை 43-இலிருந்து 47 ஆகியிருந்தன. நான்கு கூடியதைப் பெரிதாக நம்ப நானும் தயாராக இல்லை, டிக் எண்ணிக்கையும் தாளுக்குத் தாள் ஆடும்தான். ஆறாவதில் 53, ஏழாவதில் 56 என்று ஒரே திசையில் மூன்று முறை ஏறிய பிறகுதான் நம்பினேன்.

வட்டங்களின் எண்ணிக்கை 22-லேயே நின்றது அவளைக் குழப்பியது. குறிப்பேட்டில் அத்தனையையும் தீர்த்த பிறகும் வட்டம் ஏன் குறையவில்லை? பழைய வட்டங்கள் டிக்காக மாறின, அவற்றின் இடத்துக்கு முன்பு தெரியாமல் விட்டவை வட்டமாக ஏறி வந்தன. கேள்விக்குறியும் விட்டதும் சேர்த்துப் பார்த்தால் மூன்றாவது தாளில் 28, ஏழாவதில் 20. டிக்கும் கூடித் தெரியாததும் குறைகிறவரை வட்டம் அசையாமல் நிற்பது நல்ல அறிகுறிதான். டிக் அசையாமல் வட்டம் மட்டும் பெருகினால்தான் கவலைப்பட வேண்டும். புதிய பாடங்களை மேலோட்டமாகத் தொட்டுக்கொண்டே போகிறவர்களிடம் அதைப் பார்க்கலாம்.

ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நான் ஒரு தவறு செய்தேன். இரண்டாவது தாளை, முன்பு 51 வாங்கியதை, மறுபடி எழுதட்டுமா என்று கேட்டாள். நேரப் பயிற்சிக்கு ஆகும் என்று சரி சொல்லிவிட்டேன். 74 வந்தது. பார்த்த வினாக்கள், அலசிய விடைகள், அந்த 74-க்கு எந்தப் பொருளும் இல்லை. அதை நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால் இரண்டு நாள் குறிப்பேட்டைத் திறக்காமல் இருந்துவிட்டாள். மறுபடி எழுதிய தாளின் மதிப்பெண்ணை அட்டவணையில் சேர்க்கவே கூடாது. பழைய தாளை மறுபடி எடுப்பதானால் முன்பு வட்டமிட்ட வினாக்களை மட்டும், பத்து நாளாவது கழித்து, விடையோடு காரணத்தையும் எழுதிப் பார்ப்பதே பயன்.

ஏழாவது தாளில் 63 வந்தாலும் ஒரு விஷயம் உறுத்தியது. டிக் போட்டுத் தவறானவை ஆறாவதில் 3, இப்போது 5. அந்த ஐந்தில் மூன்று 'பின்வருவனவற்றுள் தவறான கூற்று எது' என்ற வகை. சரியான கூற்றைப் பார்த்ததுமே குறித்துவிட்டிருக்கிறாள். இதற்குப் பாடம் படித்துப் பயனில்லை. வினாவில் 'தவறான', 'அல்ல', 'பொருந்தாதது' என்ற சொல்லுக்கு அடிக்கோடு இட்ட பிறகே விருப்பங்களைப் படிக்க வேண்டும் என்று வைத்தோம். எட்டாவதில் டிக்கில் தவறு மறுபடி மூன்றானது.

இந்த எண்ணிக்கையை வேறொரு காரணத்துக்காகவும் கவனித்துவந்தேன். டிக் போட்டதில் ஏறத்தாழப் பத்துக்கு ஒன்பது சரியாக இருக்க வேண்டும். அதற்கு வெகுவாகக் கீழே போனால், உறுதி என்று எழுதுகிறவர் நினைப்பது உறுதி அல்ல, அப்போது இந்த முறையே பயன்படாது. அடையாளத்தை விடை குறிக்கும் அந்த நொடியிலேயே இட வேண்டும் என்பதும் இதனால்தான். விடைக்குறிப்பைப் பார்த்த பிறகு நினைவிலிருந்து அடையாளமிட்டால் சரியானதெல்லாம் தெரிந்தது போலவே தோன்றும்.

எழுதலாமா, தள்ளிப்போடலாமா

எட்டாவது தாள் முந்தைய உண்மையான தேர்வின் வினாத்தாள். அதைத் தொடாமல் வைத்திருக்கும்படி முதல் நாளே சொல்லியிருந்தேன். பயிற்சிக்கென்று தயாரித்த தாள்கள் உண்மைத் தேர்வைவிட எளிதாகவோ கடினமாகவோ இருக்கலாம், அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி உண்மைத் தாள் ஒன்றைக் கடைசிக்கு வைத்திருப்பது. தேர்வுக்கு நான்கு நாள் முன்பு, அதே நேரத்தில், நடுவில் எழுந்திருக்காமல் எழுதினாள். 62. ஆறாவது, ஏழாவது தாள்களோடு ஒத்துப்போனது, ஆக அந்தத் தாள்களை நம்பலாம்.

கடைசி மூன்று தாள்களின் சராசரி ஏறத்தாழ 61.7. தேர்ச்சிக்கு மேல் ஏழுக்குச் சற்றுக் குறைவு. ஒரு தாளின் ஆட்டம் ஐந்தாறு மதிப்பெண். மூன்றே தாள்களின் சராசரியிலும் கொஞ்சம் ஆட்டம் ஒட்டியிருக்கும் என்பதால் மொத்தம் ஆறரை என்று வைத்துக்கொண்டால், ஆறு முறை எழுதினால் ஐந்து முறை தேறக்கூடிய நிலை. உண்மைத் தேர்வில் பகுதிகளின் விகிதம் மாறாமல் இருப்பதால் ஆட்டம் இதைவிடக் குறைவாகவே இருக்கும், ஆனாலும் நான் மோசமான பக்கத்தையே கணக்கில் எடுத்தேன்.

அதைவிட எனக்கு நம்பிக்கை தந்த எண் வேறு. எட்டாவது தாளில் டிக் 60-இல் 57 சரி, 3 தவறு. கழித்தல் போக 56. வட்டங்கள் அத்தனையையும் விட்டிருந்தால்கூட 55-ஐத் தாண்டியிருப்பாள். ஆறாவது தாளில் இதே எண் 52, ஏழாவதில் 54.3, அவள் தேறிவிட்டதாக நினைத்த மூன்றாவது தாளில் 42.7.

"எழுதலாமாக்கா?" என்று கேட்டாள். எழுதச் சொன்னேன். ஆறில் ஒரு பங்கு ஆபத்து இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொன்னேன். அடுத்த வாய்ப்பு அவளுக்கு ஆறு மாதத்தில் உண்டு, தோற்றாலும் பெரிய இழப்பில்லை. ஒரே ஒரு வாய்ப்பு மட்டுமே உள்ள தேர்வாக இருந்து தள்ளிப்போடவும் வழி இருந்திருந்தால் இன்னும் மூன்று வாரம் கேட்டிருப்பேன். கடைசி நான்கு நாளும் புதுத் தாள் இல்லை, குறிப்பேடு மட்டும்.

தேர்வு முடிந்து வெளியே வந்ததும் விடைகளைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. "டிக் 58, வட்டம் 20, மீதியை விட்டுட்டேன்" என்று மட்டும் செய்தி அனுப்பினாள். முடிவில் 58 மதிப்பெண் வந்திருந்தது. சராசரியைவிட நாலு குறைவு, தேர்ச்சிக்கு மூன்று அதிகம். அடுத்த நிலைத் தேர்வுக்கு இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள். முன்பு ஒதுக்கி வைத்த ஏழு கணக்கு அத்தியாயங்களில் முதலாவதாக நிகழ்தகவை எடுத்திருக்கிறாள்.